ஸ்லீப்பிங் பேக்ல மைனஸ் 5னு போட்டிருந்தா மைனஸ் 5ல தூங்கலாமா? மலைநாட்டுக் குளிருக்கு பேக் எடுக்க முன்னாடி லேபலைப் படிக்கிறது எப்படி

ஜனவரி பிறந்தா போதும், ஹோட்டன் சமவெளிக்கு கேம்பிங் போறோம் எந்த ஸ்லீப்பிங் பேக் நல்லதுனு ஆளாளுக்கு கேக்க ஆரம்பிச்சிருவாங்க, பதில் சொல்றவங்களும் "மச்சான் மைனஸ் 5 பேக் ஒண்ணு எடு, நுவரெலியா பக்கம் எங்க மைனஸ் 5 போகுது, தாராளமா போதும்"னு சொல்லிட்டுப் போயிருவாங்க. கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா அந்த மைனஸ் 5 பேக்குக்குள்ள படுத்தவன் விடியக்காலை மூணு மணிக்கு பல்லு கிட்டிப்போய் எழும்பி உக்காந்திருக்கிறதும் வருஷா வருஷம் நடக்குது. அப்புறம் பேக் டூப்ளிகேட், கடைக்காரன் ஏமாத்திட்டான்னு பேச்சு. பல நேரம் பேக்கும் சரி, அதுல போட்டிருக்கிற நம்பரும் சரி. அந்த நம்பர் யாருக்காக, எந்த நிலைமைக்காக போட்டதுங்கிறதைத்தான் யாரும் சொல்றதில்ல. அதை மட்டும் இங்க பொறுமையா பார்ப்போம்.

பேக் சூடு தராது

மொதல்ல இது மனசுல பதியணும். ஸ்லீப்பிங் பேக் ஒரு டீ பிளாஸ்க் மாதிரி. பிளாஸ்க் தானா தண்ணியை கொதிக்க வைக்காது, நீங்க ஊத்தின சூட்டை வெளிய போகவிடாம பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான், ஆறின டீயை ஊத்தினா ஆறின டீதான் திரும்பி வரும். பேக்குக்குள்ள சூட்டை ஊத்துற ஆள் நீங்கதான். சும்மா படுத்திருக்கிற மனுஷ உடம்பு ஒரு பழைய காலத்து 75 வாட் குண்டு பல்பு அளவுக்கு சூடு விட்டுக்கிட்டே இருக்கும், தூக்கத்துல அது இன்னும் கொஞ்சம் குறையும். அந்த சூடு எவ்வளவு வேகமா வெளிய ஓடுதுங்கிறதை குறைக்கிறதுதான் பேக்கோட வேலை.

குறைக்கிறது எது? துணி இல்ல, உள்ள அடைச்சிருக்கிற பஞ்சும் இல்ல. அந்த பஞ்சுக்கு நடுவுல அசையாம நிக்கிற காத்து. பஞ்சு எவ்வளவு உப்பி நிக்குதோ அவ்வளவு காத்து உள்ள பிடிபட்டிருக்கும், அவ்வளவு கதகதப்பு. இந்த உப்பலை லாஃப்ட்னு சொல்லுவாங்க. பேக் நசுங்கினாலும் ஈரமானாலும் லாஃப்ட் போயிரும், லாஃப்ட் போனா லேபல்ல என்ன நம்பர் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அப்ப ஒரே பேக்குக்குள்ள ரெண்டு பேர் மாறி மாறி படுத்தா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்காது. நல்ல சதைப்பிடிப்பான 25 வயசுப் பையன் விடுற சூடு வேற, நாள் முழுக்க நடந்து களைச்சு ரெண்டு பிஸ்கட்டோட படுத்த ஒல்லியான ஆள் விடுற சூடு வேற. அதனாலதான் ஒரு பேக்குக்கு ஒரே ஒரு டிகிரி சொல்ல முடியாம லேபல்ல மூணு நாலு நம்பர் போடுறாங்க.

சுருக்கமா: சூடு உங்க உடம்புல இருந்து வருது, பேக் அதை பிடிச்சு வைக்குது, பிடிச்சு வைக்கிறது உப்பி நிக்கிற காத்து.

அந்த நம்பரை எப்படி எடுக்கிறாங்க

முன்னாடி எல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு டிகிரி போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஐரோப்பாவில 2002ல ஈஎன் 13537ன்னு ஒரு தரநிலை வந்தப்புறம்தான் எல்லாரும் ஒரே முறையில அளக்கிற பழக்கம் வந்துச்சு, இப்ப அதுக்குப் பதிலா ஐஎஸ்ஓ 23537ன்னு இருக்கு. லேபல்ல இந்த ரெண்டுல ஒண்ணு அச்சாகியிருந்தா நம்பரை நம்பிப் படிக்கலாம்.

அளக்கிறது மனுஷனை வச்சு இல்ல. ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை இருக்கும், உள்ள ஹீட்டரும் உடம்பு பூரா சென்சரும் வச்சது. அதுக்கு நீளக் கை உள்சட்டை, நீளக் கால் உள்ளாடை, சாக்ஸ் எல்லாம் போட்டு, பேக்குக்குள்ள படுக்க வச்சு, ஸிப்பை முழுசா மூடி, பேக்ல தலையை மூடுற தலைமூடி இருந்தா அதையும் இழுத்துக் கட்டி, அடியில ஒரு தடிச்ச மேட் விரிச்சு குளிர் அறைக்குள்ள விடுவாங்க. பொம்மையோட தோலை மனுஷத் தோல் சூட்டுலயே வச்சிருக்க எவ்வளவு கரன்ட் இழுக்குதுன்னு பார்ப்பாங்க. நிறைய இழுத்தா பேக் சூட்டை விடுது, கொஞ்சமா இழுத்தா நல்லா பிடிக்குது.

இதுல கவனிக்க வேண்டியது, அளவு எடுக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். இந்த பேக் சூட்டை எவ்வளவு தடுக்குதுங்கிற அந்த ஒரு அளவு. அதுக்கப்புறம் அந்த அளவை வச்சு, இந்த மாதிரி ஆள் இந்த மாதிரி படுத்தா எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்னு கணக்குப் போட்டு எடுக்கிறதுதான் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் எல்லாமே. பேக் ஒண்ணு, ஆளும் நிலைமையும் மட்டும் மாறுது.

மூணு நம்பர், மூணு ராத்திரி

கம்ஃபர்ட்: இதுக்கு கணக்கு எடுக்கிறது ஒரு சராசரிப் பெண்ணை வச்சு, 25 வயசு, 60 கிலோ, 1.60 மீட்டர் உயரம். அவங்க மல்லாந்து கையைக் காலை தளர விட்டு படுத்தா குளிராம தூங்கக்கூடிய கடைசி டிகிரி. பொதுவா பெண்களுக்கு படுத்திருக்கிறப்ப உடம்பு விடுற சூடு கொஞ்சம் கம்மிங்கிறதால கணக்கை அந்தப் பக்கம் வச்சே எடுத்திருக்காங்க.

லிமிட்: இது ஒரு சராசரி ஆம்பளை, 25 வயசு, 73 கிலோ, 1.73 மீட்டர். அவர் காலை மடக்கி சுருண்டு படுத்து, குளிரோட மல்லுக்கட்டிக்கிட்டு, ஆனா உடம்புச் சூடு இறங்காம ஒரு எட்டு மணி நேரத்தை ஓட்டிரலாம்ங்கிற டிகிரி. சுருண்டு படுத்தா வெளிய தெரியிற உடம்புப் பரப்பு குறையும், அதனால சூடு கம்மியா போகும். அதாவது லிமிட்லயே சொகுசு இல்ல, சமாளிப்புதான்.

எக்ஸ்ட்ரீம்: இதைத்தான் எல்லாரும் தப்பா பிடிக்கிறாங்க. திரும்பவும் அதே சராசரிப் பெண்தான், ஆனா இந்த தடவை கேள்வி தூக்கத்தைப் பத்தி இல்லவே இல்ல. உடம்பு நடுங்கி நடுங்கி சூடு உண்டாக்கியும் பத்தாம, உள்சூடு இறங்கிக்கிட்டே வர்ற நிலைமையில ஒரு ஆறு மணி நேரத்துக்கு உசுரு தப்பலாம்ங்கிற கணக்கு. கை கால் விரல் பனியில செத்துப்போற ஆபத்தும், ஹைப்போதெர்மியா ஆபத்தும் இதுக்குள்ளயே அடக்கம். ஹைப்போதெர்மியான்னா உடம்போட உள்சூடு 35 டிகிரிக்கு கீழ இறங்குறது, பேச்சு குழறும், புத்தி தடுமாறும், கவனிக்காம விட்டா ஆளே போயிரும். இது பனிப்புயல்ல மாட்டினவனுக்கு சொல்ற நம்பர், லீவுக்கு டென்ட் அடிக்கப் போறவனுக்கு சொல்ற நம்பர் இல்ல.

சில லேபல்ல இன்னொண்ணும் இருக்கும், அப்பர் லிமிட்னு, ஸிப்பைத் திறந்து கையை வெளிய போட்டுப் படுத்தா வேர்க்காம தூங்கலாம்ங்கிற மேல் எல்லை. நம்ம விஷயத்துக்கு அது தேவைப்படாது.

இப்ப அந்த மைனஸ் பேக்குக்கு வருவோம். பை மேல பெருசா மைனஸ் 4ன்னு அடிச்ச ஒரு மெல்லிசு பேக்கை எடுத்து உள்ள தையல்ல தொங்குற குட்டி லேபலைத் திருப்பிப் பார்த்தீங்கன்னா, கம்ஃபர்ட் 12, லிமிட் 8, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 4ன்னு இருக்கும். பெரிய எழுத்துல போட்டது எக்ஸ்ட்ரீம். அந்த பேக்ல நிம்மதியாத் தூங்க வெளிய 12 டிகிரி இருக்கணும், மைனஸ் 4க்கும் அதுக்கும் 16 டிகிரி இடைவெளி. தடிச்ச பேக்குக்கு இந்த இடைவெளி இன்னும் அகலமாகும், கம்ஃபர்ட் 0 இருக்கிற பேக்ல எக்ஸ்ட்ரீம் மைனஸ் 23 பக்கத்துல நிக்கும்.

கடையில "அண்ணே இது எத்தனை டிகிரி தாங்கும்"னு கேட்டா பெரிய நம்பரைத்தான் சொல்லுவாங்க, கேள்வியே அப்படி. "இதுல கம்ஃபர்ட் எவ்வளவு"ன்னு கேளுங்க. கம்ஃபர்ட் எங்கயுமே அச்சடிக்காம ஒரே ஒரு மைனஸ் நம்பர் மட்டும் இருந்தா அதை எக்ஸ்ட்ரீம்னே எடுத்துக்கோங்க, பல தடவை அதுகூட அளந்து போட்டதா இருக்காது. ஒரு சின்ன சோதனை, தூக்கிப் பாருங்க. சாதாரண ஃபைபர் பஞ்சு அடைச்ச பேக் ஒண்ணு ஒரு கிலோவுக்கு கிட்ட இருந்துக்கிட்டு மைனஸ் 10ன்னு சொன்னா நம்ப வேணாம், அந்த பஞ்சுல கம்ஃபர்ட் 0 பக்கம் வரணும்னா பேக் ஒண்ணரை ரெண்டு கிலோவுக்கு கனக்கும்.

வெளிநாட்டுல இருந்து மாமா சித்தப்பா அனுப்பின பேக்னா இன்னொரு விஷயம் பாருங்க. அமெரிக்க பேக்ல 20, 30ன்னு போட்டிருக்கிறது ஃபாரன்ஹீட். அவங்க 30 நமக்கு மைனஸ் 1, அவங்க 20 நமக்கு மைனஸ் 7 கிட்ட. அதுலயும் ஆம்பளைங்க பேக்குக்கு பெயரோட ஒட்டி வர்ற நம்பர் பெரும்பாலும் லிமிட், பெண்கள் பேக்குக்கு கம்ஃபர்ட். ரெண்டுலயும் 20ன்னு இருந்தா ரெண்டும் ஒரே பேக்குனு நினைக்கக் கூடாது, பெண்கள் பேக் அதிகமா கதகதப்பா இருக்கும்.

சுருக்கமா: கம்ஃபர்ட் தூங்க, லிமிட் சமாளிக்க, எக்ஸ்ட்ரீம் உசுர் பிழைக்க. வாங்குறப்ப கம்ஃபர்ட்டை மட்டும் பாருங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது, அந்தத் தரநிலையிலயே பிள்ளைங்க பேக்கை சேர்க்கல, அவங்களுக்கு எப்பவும் ஒரு படி மேல போடுங்க.

போன்ல காட்டுற 8 டிகிரி உங்க டென்ட்டுல 8 இல்ல

சரி, பேக் பக்கம் கம்ஃபர்ட் தெரிஞ்சாச்சு. அடுத்து வெளிய எத்தனை டிகிரி வரும்னு தெரியணும், இங்கதான் ரெண்டாவது வழுக்கல்.

நம்ம போன்ல பார்க்கிறது பெரும்பாலும் நுவரெலியா டவுனுக்கான நம்பர். டவுன் கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர். ஹோட்டன் சமவெளி 2100 மீட்டரும் அதுக்கு மேலயும். உசரம் ஏற ஏற 100 மீட்டருக்கு சுமார் 0.65 டிகிரி குறையும்னு கணக்கு, அப்ப டவுனுக்கும் சமவெளிக்கும் உசரத்தால மட்டும் ஒண்ணரை டிகிரி வித்தியாசம். இது பெருசு இல்ல. பெருசு அடுத்து வர்றது.

வானிலை நிலையத்துல தர்மாமீட்டரை ஒரு ஆள் நெஞ்சு உசரத்துல, ஒரு வெள்ளைப் பெட்டிக்குள்ள தொங்கவிட்டிருப்பாங்க. நீங்க படுக்கிறது தரையில. மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில தரையும் புல்லும் தன் சூட்டை நேரா வானத்துக்கு விட்டுரும், தடுக்க மேல ஒண்ணும் இல்ல, அதனால புல்லு காத்தை விட வேகமா குளிரும், புல்லைத் தொட்டுக்கிட்டு இருக்கிற காத்தும் கூட குளிரும். குளிர்ந்த காத்து கனம், தண்ணி மாதிரியே சரிவுல இறங்கி பள்ளத்துல போய்த் தேங்கும். ஹோட்டன் சமவெளியில பாருங்க, சுத்தி மேட்டுல காடு, நடுவுல பள்ளமா பத்தன புல்வெளி. குளிர் தேங்குறதுக்குன்னே செஞ்சு வச்ச இடம்.

இதை மலைநாட்டுல இருக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஜனவரி பெப்ரவரியில விடியக்காலை போன் 5 டிகிரின்னு காட்டும், அம்பேவெல பக்கம் புல்லு உப்பு தூவின மாதிரி வெளுத்துக் கிடக்கும், காலடி வச்சா நொறுங்கும், பள்ளத்து உருளைக்கிழங்குப் பாத்தி கருகியிருக்கும், அதே தோட்டத்துல மேட்டுல இருக்கிற பாத்தி பச்சையா நிக்கும். புல்லுல பனி உறைஞ்சிருக்குன்னா புல்லோட மேற்பரப்பு 0க்கு இறங்கிருச்சுன்னு அர்த்தம். போன் சொன்னதும் பொய் இல்ல, அது நெஞ்சு உசரத்துக் காத்து.

அதனால நான் கணக்குப் போடுறது இப்படி. டவுன் நம்பர்ல இருந்து உசரத்துக்கு கழிக்கணும், அப்புறம் தெளிஞ்ச வானமும் காத்தில்லாத ராத்திரியும் புல்வெளியும்னா இன்னொரு 3, 4 டிகிரி கழிக்கணும். மேகம் மூடி மழை தூறுற ராத்திரின்னா அந்த ரெண்டாவது கழிவு தேவையில்ல, மேகமே ஒரு போர்வை, ஆனா அப்ப ஈரம் வந்து வேற விதத்துல படுத்தும். ராத்திரியிலயே ரொம்பக் குளிர் நடுச்சாமம் இல்ல, சூரியன் எழும்புற நேரத்தை ஒட்டித்தான், ஏன்னா அதுவரைக்கும் தரை சூட்டை விட்டுக்கிட்டே இருக்கு. பத்து மணிக்கு "அவ்வளவு குளிர் இல்லயே"ன்னு பேக் ஸிப்பைத் திறந்து வச்சுட்டுத் தூங்குறவனுக்கு அஞ்சு மணிக்குத்தான் கணக்கு தெரியும்.

சுருக்கமா: போன் நம்பர் ஆரம்பம் மட்டும்தான். உசரத்தையும் தெளிஞ்ச வானத்தையும் கழிச்சு வர்றதுதான் உங்க பேக் சந்திக்கப் போற டிகிரி.

அடியில என்ன விரிக்கிறீங்க

பேக்கை எவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினாலும் இது இல்லாட்டி வீண். நீங்க படுத்தவுடன முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில இருக்கிற பஞ்சு நசுங்கி தட்டையாயிரும், அங்க லாஃப்ட்டே இல்ல, அந்தப் பக்கம் பேக் ஒரு தடிச்ச துணி அவ்வளவுதான். உங்களையும் ஈரத் தரையையும் பிரிக்கிறது மேட் மட்டும்தான். லேபல்ல இருக்கிற கம்ஃபர்ட்டே பொம்மைக்கு அடியில நல்ல தடிச்ச மேட் விரிச்சு எடுத்ததுங்கிறதை மறந்துரக் கூடாது. மேட் இல்லாம வெறும் பாய் மேலயோ தார்ப்பாய் மேலயோ படுத்தா அந்த நம்பர் உங்களுக்கு செல்லாது.

மேட் எவ்வளவு தடுக்குதுங்கிறதுக்கு ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர், கூடினா நல்லது. மடிச்சு எடுத்துட்டுப் போற சாதாரண ஃபோம் மேட் 2 பக்கம் வரும். பத்தன புல்வெளி குளிருக்கு 3, 4 இருந்தா நிம்மதி. வெறும் காத்தடிக்கிற பீச் மெத்தை தடிச்சு இருக்கேன்னு ஏமாறாதீங்க, உள்ள ஒண்ணும் இல்லாம காத்து மட்டும் இருந்தா அது உள்ளயே சுத்திச் சுத்தி உங்க சூட்டை தரைக்கு கொண்டு போய்க் கொடுக்கும். புதுசா வாங்க காசு இல்லைன்னா ரெண்டு ஃபோம் மேட்டை ஒண்ணு மேல ஒண்ணு போடுங்க, ஆர் வேல்யூ அப்படியே கூட்டிக்கலாம், 2ம் 2ம் 4.

ஒரு ராத்திரியை கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு குடும்பம், புருஷன் பொஞ்சாதி, கூட பொண்ணோட அப்பா, அறுபது தாண்டினவர். ஜனவரி கடைசியில ஹோட்டன் சமவெளியில வனஜீவராசிகள் திணைக்களத்துக்கிட்ட இடம் எடுத்து ஒரு ராத்திரி டென்ட் அடிக்கப் போறாங்கன்னு வைங்க. ஒதுக்கின இடத்துலதான் அடிக்க முடியும், அதனால "பள்ளம் வேணாம் மேட்டுல அடிப்போம்"ங்கிற சுதந்திரம் கம்மி. வீட்டுல ஏற்கனவே ரெண்டு பேக் இருக்கு, நாம மேல பார்த்த அதே மைனஸ் 4 பேக், கம்ஃபர்ட் 12.

நுவரெலியாவுக்கு அன்னைக்கு ராத்திரி 8ன்னு காட்டுது, மேகம் இல்ல, காத்து இல்ல. உசரத்துக்கு ஒண்ணரை கழிச்சா ஆறரை. தெளிஞ்ச வானம் புல்வெளிக்கு 4 கழிச்சா ரெண்டரை. டென்ட் ஒரு ரெண்டு டிகிரி காப்பாத்தும்தான், அதை கணக்குல எடுக்காம கையிருப்பா விட்டுருங்க.

அப்ப ரெண்டரைக்கு பேக் வேணும். கம்ஃபர்ட் 12 பேக்குல அந்தப் பொண்ணு படுத்தா ஒன்பதரை டிகிரி பற்றாக்குறை, நடுங்குறதைத் தவிர வேற ஒண்ணும் நடக்காது. வீட்டுல இருக்கிற ரெண்டையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு ஒருத்தர் படுத்தா? உள்ள நசுங்காம இடம் இருந்தா 7, 8 வரைக்கும் இறங்கும்னு வைக்கலாம், அதுக்கு மேல நம்பாதீங்க. எல்ல, பண்டாரவளை பக்கம் ஒரு ராத்திரின்னா அந்த பேக் ஒண்ணே போதும், அங்க உசரமே ஆயிரம், ஆயிரத்தி இருநூறு மீட்டர்தான். பேக்ல குறை இல்ல, கொண்டு போற இடம் வேற.

பொண்ணுக்கு கம்ஃபர்ட் 0 இல்ல 1 இருக்கிறது எடுக்கணும். ரெண்டு டிகிரி மிச்சம் வைக்கிறது ஏன்னா தரநிலைல சொல்ற ஆள் ஒரு சராசரி, நம்ம ஆள் குளிர் தாங்காதவரா இருக்கலாம், பகல் பூரா நடந்து களைச்சிருக்கலாம். மாப்பிள்ளைக்கு கம்ஃபர்ட் 3, 4 இருந்தாலும் ஓடும், அதோட லிமிட் மைனஸ் 2 பக்கத்துல இருக்கும், அவர் 25, 30 வயசுன்னா லிமிட்டுக்கும் கம்ஃபர்ட்டுக்கும் நடுவுல தூங்கிருவார். "நான் ஆம்பளை, லிமிட் பார்த்து வாங்குறேன்"ங்கிற பேச்சு இங்க வேணாம், லிமிட்ல சுருண்டு படுத்தவன் காலையில இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழும்புவான். மாமாவுக்குத்தான் நல்ல பேக் போகணும், வயசானா உடம்பு விடுற சூடு குறையும், 25 வயசு ஆளுக்குப் போட்ட கணக்கு அவருக்கு அப்படியே பொருந்தாது, கம்ஃபர்ட் 0க்கும் கீழ இருக்கிறதா பார்த்துக் கொடுங்க, மேட்டும் அவருக்கு ரெண்டு.

மூணு பேக் வாங்க இப்ப ஒரு நல்ல தொகை ஆகும். வருஷத்துக்கு ஒரு ராத்திரிக்குன்னா வாடகைக்கு எடுங்க, ஆனா எடுக்கிறப்பவும் உள்ள லேபலைத் திருப்பி கம்ஃபர்ட்டைப் பாருங்க, ஒரு தடவை விரிச்சு உப்புதான்னும் பாருங்க. பல தடவை கழுவி, மூட்டையா அமுக்கி வச்ச பேக்ல பஞ்சு செத்துப் போயிருக்கும், லேபல் மட்டும் புதுசு மாதிரி இருக்கும்.

கம்பளி இருக்கிற வீடு நம்மளுது, அதையும் கொண்டு போங்க. ஆனா கனமான கம்பளியை பேக் மேல போட்டா பஞ்சு அமுங்கி உள்ளதும் கெடும். பேக்குக்குள்ள உடம்பைச் சுத்திக்கிட்டு படுக்கணும், இல்ல மேட்டுக்கும் பேக்குக்கும் நடுவுல விரிக்கணும்.

ஈரம்

மலைநாட்டுக்குளிரை பனிநாட்டுக் குளிர்ல இருந்து பிரிக்கிறது இதுதான். இங்க குளிரோட மூடுபனியும் வரும். வாத்து இறகு அடைச்ச பேக், டவுன்னு சொல்லுவாங்க, கனம் கம்மி, மடிச்சா சின்னது, காஞ்சிருக்கிற வரைக்கும் அதுக்கு நிகர் இல்ல. நனைஞ்சா இறகு ஒட்டிக்கிட்டு லாஃப்ட் விழுந்துரும், இந்த ஊர் மூடுபனியில காயவைக்கிறது ஒரு நாளைக்குள்ள ஆகாது. ஃபைபர் பேக் கனம்தான், ஆனா கொஞ்சம் ஈரமானாலும் ஓரளவு உப்பி நிக்கும். ஒரு பேக்தான் வாங்கப் போறீங்க, அதுவும் நக்கிள்ஸ், ரிவஸ்டன், ஹோட்டன் எல்லாத்துக்கும் அதுவேன்னா நான் ஃபைபர்னுதான் சொல்லுவேன்.

தலையை பேக்குக்குள்ள இழுத்துக்கிட்டு மூச்சு விடாதீங்க. மொதல்ல கதகதன்னு இருக்கும், மூச்சுல இருக்கிற ஈரம் பூரா பஞ்சுல இறங்கி விடியிறப்ப பேக் ஈரமா கிடக்கும். மூக்கும் வாயும் வெளிய, மீதி எல்லாம் உள்ள, தலைக்கு ஒரு குல்லா. தலைமூடி இல்லாத பெட்டி மாதிரி பேக்னா குல்லா கட்டாயம். டென்ட் ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைங்க. குளிர் தாங்கலன்னு கரியடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்ட்டுக்குள்ள கொண்டு வர்ற வேலை மட்டும் வேண்டவே வேணாம், அதுல வர்ற கார்பன் மொனாக்சைட்டுக்கு வாசமும் இல்ல நிறமும் இல்ல, தூங்கினவங்க எழும்பாமப் போயிருவாங்க.

ராத்திரியில குளிருதுன்னா எங்க குளிருதுன்னு பாருங்க

முதுகும் இடுப்பும் சில்லுன்னு இருக்கு, மேல பரவாயில்லைன்னா பேக் மேல கோபப்படாதீங்க, மேட் பத்தலை. மிச்ச உடுப்பு, காலியான பேக்பேக், மழைக்கோட்டு எது இருக்கோ அதை இடுப்புக்கு அடியில தள்ளுங்க, போர்த்திக்கிறதை விட அது பலன் தரும்.

தோளும் கழுத்தும் குளிருதுன்னா சூடான காத்து மேல் வாயால வெளிய ஓடுது. கழுத்துக்கிட்ட கயிறை இழுத்துக் கட்டுங்க, கயிறு இல்லாட்டி ஒரு துண்டை கழுத்தைச் சுத்திப் போட்டு ஓட்டையை அடைங்க. ஸிப் ஓரமா ஒரே கோடா குளிருதுன்னா ஸிப்புக்குப் பின்னாடி இருக்க வேண்டிய பஞ்சுப் பட்டை மடங்கிக் கிடக்கும், விரல் விட்டு நேர் பண்ணுங்க.

பாதம் மட்டும் குளிருதுன்னா பேக் உங்க உசரத்தை விட நீளமா இருந்து காலடியில வெறும் இடம் கிடக்கும், அதை சூடாக்க உங்க உடம்பு வீணா செலவழிக்குது. அங்க உடுப்பைத் திணிங்க, இல்ல சுடுதண்ணியை மூடி இறுக்கமான போத்தல்ல ஊத்தி சாக்ஸுக்குள்ள போட்டு காலடியில வைங்க. பகல் நடந்த சாக்ஸோட படுக்காதீங்க, தொட்டுப் பார்த்தா தெரியாத ஈரம் அதுல இருக்கும், படுக்கைக்குன்னு காஞ்ச சாக்ஸ் ஒரு சோடி தனியா எடுத்து வைங்க.

படுக்கிறப்ப நல்லா இருந்து மூணு மணிக்கு மேல உடம்பு பூரா சமமா குளிருதுன்னா அப்பதான் பேக்கோட கம்ஃபர்ட் அன்னைக்கு குளிருக்கு பத்தலைன்னு அர்த்தம், அதோட சாப்பிட்டதும் தீர்ந்திருக்கும். எழும்பி மூத்திரம் போயிட்டு வந்து, ஒரு கை நிறைய கச்சான், ஒரு துண்டு சக்கரை சாப்பிட்டுட்டு, பேக்குக்குள்ளயே இருந்து வயித்தை இறுக்கி இறுக்கி விட்டு ஒரு நூறு தடவை பண்ணுங்க, வேர்க்கிற அளவுக்கு வேணாம். கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். ஆனா கூட படுத்திருக்கிற ஆள் நடுங்கிக்கிட்டு இருந்தவர் திடீர்னு நடுக்கம் நின்னு, பேச்சு குழறி, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொன்னா அது தூக்கக் கலக்கம் இல்ல. ஈர உடுப்பை மாத்தி, நல்ல பேக்கை அவருக்குக் கொடுத்து, அடியில ரெண்டு மேட்டும் போட்டு, ஒரு ஆள் பக்கத்துல ஒட்டிப் படுத்து சூடு கொடுங்க, தெளிவா முழுங்குறார்னா மட்டும் இனிப்புப் போட்ட சூடான டீ கொடுங்க, சாராயம் கூடவே கூடாது, விடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்காம உடனே உதவிக்குக் கூப்பிடுங்க.